நிகர நஷ்டம், ஆனால் தொடரும் தொழிலில் லாபம்: டைல்யூட்டட் இபிஎஸ் எப்படி? கூடவே ஒரு செக்மென்ட் சந்தேகம்

#1 வவுச்சர்_வாசு

எல்லோருக்கும் வணக்கம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டுத் தணிக்கையில் இருக்கிறேன். எனக்கு இது மூன்றாவது வருடம். இந்த முறை தொழில் பிரிவு வாரியாக எண்களைக் காட்டும் செக்மென்ட் நோட்டும், பங்கு ஒன்றுக்கான லாபத்தைச் சொல்லும் இபிஎஸ் நோட்டும் என் தலையில் விழுந்திருக்கின்றன. போன வருட வொர்க்கிங் பேப்பரைத் திறந்து பார்த்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பக்கம், "நோட்டுடன் ஒப்பிட்டேன், சரி" என்று டிக். அதை நம்பி இந்த வருடமும் டிக் போட மனம் வரவில்லை, அதனால்தான் இங்கே வந்தேன்.

எண்களை மாற்றித்தான் போடுகிறேன், யாரும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். எல்லாம் கோடியில். கம்பெனி பேக்கேஜிங் தொழிலில் இருக்கிறது. நிர்வாக இயக்குநருக்கு மாதாமாதம் போகும் அறிக்கையில் ஐந்து யூனிட்: கொள்கலன், ஃபிலிம், லேபிள், இயந்திரம், சர்வீஸ். வருவாய் வரிசையாக 420, 260, 150, 110, 60. ஃபிலிமின் 260இல் 90 நம் கொள்கலன் யூனிட்டுக்கே விற்றது. லாபம் 74, ஃபிலிமில் 30 நஷ்டம், 26, 11, 9. மொத்தம் 90. ஆனால் நோட்டில் காட்டியிருப்பது இரண்டே செக்மென்ட். "பேக்கேஜிங்" லாபம் 70, "இயந்திரமும் சர்வீஸும்" 20. ஃபிலிம் நஷ்டம் எங்கேயும் கண்ணில் படாது.

இன்னொரு யூனிட், அட்டைப்பெட்டி, வருட நடுவில் விற்றாகிவிட்டது. அதில் வரிக்குப் பின் 44 நஷ்டம். தொடரும் தொழிலில் வரிக்குப் பின் லாபம் 36. ஆக நிகர நஷ்டம் 8.

இபிஎஸ் நோட்டில் சராசரிப் பங்கு 9 கோடி என்று போட்டு, தொடரும் தொழில் 4.00, நிறுத்தியது மைனஸ் 4.89, மொத்தம் மைனஸ் 0.89 என்று காட்டியிருக்கிறார்கள். மாற்றத்தக்கவை பங்காக மாறியிருந்தால் எவ்வளவு என்று காட்டும் டைல்யூட்டட் வரியிலும் இதே மூன்று எண்கள், கீழே ஒரு வாக்கியம்: "நிகர நஷ்டம் இருப்பதால் மாற்றத்தக்க கடன்பத்திரம் ஆன்டி டைல்யூட்டிவ்". 100 கோடி கடன்பத்திரம், மாற்றினால் 2 கோடி பங்கு. இரண்டு வருடம் முன்பு வெளியிட்டது.

இரண்டும் சரியா?

#2 பங்குப்பிரியன்

தொடரும் தொழில் இபிஎஸ் 4.00 என்றால் நல்லதுதானே, நஷ்ட யூனிட்டையும் தள்ளிவிட்டார்கள். இந்தப் பங்கை இப்போது வாங்கலாமா, அடுத்த காலாண்டு வரை பொறுக்கலாமா? பெயரை மட்டும் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

#3 வவுச்சர்_வாசு

பிரியன் அண்ணா, தணிக்கையாளரிடம் போய் பங்கு டிப்ஸ் கேட்கிறீர்களே, எனக்கு வேலையும் போகும், உங்களுக்குக் கம்பியும் எண்ண வரும். பெயரும் கிடையாது, வேறெந்த விவரமும் கிடையாது.

#4 செக்லிஸ்ட்_செல்வி

வாசு, இபிஎஸ் பக்கம் கவலைப்படாதீர்கள், கம்பெனி செய்தது சரி. நஷ்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு டைல்யூஷன் காட்டக் கூடாது. பங்கு எண்ணிக்கை கூடினால் நஷ்டம் பங்குக்குக் குறைந்து தெரியும், அதைத்தான் ஆன்டி டைல்யூட்டிவ் என்கிறோம். இது எங்கள் செக்லிஸ்டில் முதல் வரி.

செக்மென்ட்டில்தான் தவறு இருக்கிறது. 10 சதவீத சோதனையைப் போட்டுப் பாருங்கள். மொத்த லாபம் 90, அதில் 10 சதவீதம் 9. சர்வீஸ் லாபமும் சரியாக 9. எல்லையைத் தொட்டுவிட்டதால் சர்வீஸைத் தனி செக்மென்ட்டாகக் காட்டியே தீர வேண்டும். ஃபிலிமையும் தனியாகக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

#5 பழைய_பேனா

செல்வி சொன்னதில் ஃபிலிம் மட்டும் சரி, ஆனால் அதற்கும் காரணம் வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இபிஎஸ். "நஷ்டம் என்றால் டைல்யூஷன் இல்லை" என்பது பாதிதான் உண்மை, அந்தப் பாதியால்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐஏஎஸ் 33இல் ஒரு கருவி டைல்யூட்டிவா இல்லையா என்று முடிவு செய்வது நிகர லாப நஷ்டத்தை வைத்து அல்ல. தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்குச் சேரும் தொடரும் தொழிலின் லாபத்தை வைத்து. அதுதான் கட்டுப்பாட்டு எண். அங்கே ஒருமுறை "டைல்யூட்டிவ்" என்று முடிவாகிவிட்டால், அதே பங்கு எண்ணிக்கையைத்தான் மொத்த இபிஎஸ்ஸுக்கும் நிறுத்திய தொழில் இபிஎஸ்ஸுக்கும் பயன்படுத்த வேண்டும், அங்கே விடை எப்படி வந்தாலும் சரி. ஒரு வரிக்கு ஒரு பங்கு எண்ணிக்கை, அடுத்த வரிக்கு இன்னொன்று என்று வைத்தால் மூன்று எண்களும் ஒன்றோடொன்று கூடாது, அதைத் தவிர்க்கத்தான் இந்த விதி.

வாசுவின் கம்பெனியில் தொடரும் தொழில் 36 லாபம். பிளஸ். ஆகவே கடன்பத்திரத்தைச் சோதித்தே ஆக வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி, தம்பி: அந்தச் சராசரி 9 கோடி எப்படி வந்தது? வருடத்தில் பங்கு வெளியீடு ஏதாவது நடந்ததா? அப்புறம் கடன்பத்திரத்துக்கு லாப நஷ்டக் கணக்கில் எவ்வளவு வட்டி போட்டிருக்கிறார்கள்? கூப்பன் வேண்டாம், கணக்கில் ஏறிய வட்டி வேண்டும்.

#6 வவுச்சர்_வாசு

மேடம், நன்றி. ஆரம்பத்தில் 8 கோடி பங்கு. ஆறு மாதம் முடிந்ததும் ரைட்ஸ் இஷ்யூ, நான்கு பங்குக்கு ஒன்று, விலை 60. உரிமையோடு சேர்த்து வர்த்தகமான கடைசி நாள் விலை 100. மொத்தம் 10 கோடி ஆனது. ஆறு மாதம் 8, ஆறு மாதம் 10, சராசரி 9 என்று போட்டிருக்கிறார்கள்.

வட்டி: கூப்பன் 5, ஆனால் கணக்கில் ஏறியது 8. கடன் பகுதி, பங்கு பகுதி என்று பிரித்திருக்கிறார்கள், அதனால் வித்தியாசம். வரி விகிதம் 25 சதவீதம்.

#7 பழைய_பேனா

அப்படியானால் அடிப்படை இபிஎஸ்ஸே தவறு. டைல்யூட்டட் இரண்டாவது பிரச்சினை.

சந்தையில் 100க்கு விற்கும் பங்கை 60க்குத் தருகிறார்கள் என்றால், அதில் ஒரு பகுதி காசு வாங்கி விற்ற பங்கு, மீதி போனஸ் பங்கு. போனஸ் பகுதிக்கு எந்தக் காசும் உள்ளே வரவில்லை. அதை வருட ஆரம்பத்திலிருந்தே, போன வருடத்திலிருந்தே இருந்ததாக நினைத்துக் கணக்கிட வேண்டும். எப்படி? பழைய நான்கு பங்கு 400, புதிது ஒன்று 60, மொத்தம் 460, ஐந்தால் வகுத்தால் 92. உரிமை கழிந்தபின் இருக்க வேண்டிய விலை அதுதான். 100ஐ 92ஆல் வகுத்தால் வரும் 1.087தான் சரிக்கட்டும் எண். முதல் ஆறு மாதத்தின் 8 கோடியை மட்டும் இதனால் பெருக்க வேண்டும். எக்செலில் இப்படி அடித்துப் பாருங்கள்:

```
=8*(100/92)*6/12 + 10*6/12
```

9.35 கோடி வரும். துல்லியமாக 9.3478. தொடரும் தொழில் 36ஐ இதனால் வகுத்தால் 3.85. அவர்கள் காட்டியது 4.00. நிறுத்திய தொழில் மைனஸ் 4.71, மொத்தம் மைனஸ் 0.86.

இதில் எல்லோரும் மறப்பது போன வருட ஒப்பீட்டு எண். போன வருடம் இபிஎஸ் 5.00 என்று வெளியிட்டிருந்தால் இந்த வருட அறிக்கையில் அது 4.60 ஆக இறங்க வேண்டும், 92 சதவீதம்தானே. போன வருடம் தவறு செய்தார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. போனஸ் பகுதியைப் பின்னோக்கிக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான். நோட்டில் போன வருடம் அப்படியே 5.00 என்று நின்றால், ரைட்ஸை யாரும் தொடவே இல்லை என்று அந்த ஒரு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இபிஎஸ் நோட் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது போன வருட நெடுவரிசையைத்தான். பங்கு மூலதன நோட்டில் ரைட்ஸோ போனஸோ ஸ்பிளிட்டோ இருந்து, இங்கே போன வருட எண் அசையாமல் இருந்தால், அடுத்த அரை மணி நேரம் எதில் செலவாகும் என்று தெரிந்துவிடும்.

இப்போது டைல்யூட்டட். பத்திரம் வருட ஆரம்பத்திலேயே பங்காக மாறியிருந்தால் 8 வட்டி மிச்சம், வரி போக 6. புதுப் பங்கு 2 கோடி. ஒரு புதுப் பங்குக்கு 3.00. இது 3.85ஐவிடக் குறைவு, ஆக டைல்யூட்டிவ். தொடரும் தொழில்: 36உடன் 6 சேர்த்து 42, பங்கு 11.35 கோடி, 3.70. நிறுத்திய தொழில் மைனஸ் 3.88. மொத்தம்: மைனஸ் 8உடன் 6 சேர்த்து மைனஸ் 2, பங்குக்கு மைனஸ் 0.18.

பாருங்கள், மொத்த வரியில் நஷ்டம் 0.86இலிருந்து 0.18ஆகச் சுருங்கிவிட்டது. செல்வி பயந்தது இதற்குத்தான், பார்க்கவும் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டுப்பாட்டு எண் பிளஸ், ஆகவே இதுதான் விடை. மைனஸ் 0.18 என்று வருமான அறிக்கையின் முகப்பில் போடக் கம்பெனிக்குக் கூச்சமாக இருக்கலாம், அந்தக் கூச்சத்துக்கு விதியில் இடமில்லை.

#8 செக்லிஸ்ட்_செல்வி

சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் செக்லிஸ்டில் "தொடரும் தொழில்" என்ற சொல் இருக்கிறது, நான்தான் அதைத் தாண்டிப் படித்திருக்கிறேன். ஆனால் சர்வீஸ் விஷயத்தில் என்ன தவறு? 90இல் 10 சதவீதம் 9தானே?

#9 பழைய_பேனா

லாபச் சோதனையில் நஷ்டத்தைக் கழித்த 90ஐ எடுக்கக் கூடாது. லாபம் காட்டிய செக்மென்ட்களின் லாபத்தைத் தனியாகக் கூட்டுங்கள்: 74, 26, 11, 9. ஆக 120. நஷ்டம் காட்டியவற்றை அடையாளம் பார்க்காமல் தனியாகக் கூட்டுங்கள்: 30. இரண்டில் எது பெரிதோ அதில் 10 சதவீதம், ஆக 12. சர்வீஸ் 9, தாண்டவில்லை. வருவாயில் 6 சதவீதம், அதிலும் இல்லை. சொத்தும் குறைவு என்றால் "மற்றவை"யில் போடலாம், விரும்பினால் தனியாகவும் காட்டலாம். இயந்திரம் லாபத்தில் 11, அங்கே தாண்டவில்லை, ஆனால் வருவாய் 1000இல் 110, வருவாய், லாபம், சொத்து என்ற மூன்றில் ஒன்று தாண்டினால் போதும். ஃபிலிம் லாபச் சோதனையில் 30, வருவாயில் 26 சதவீதம், எப்படிப் பார்த்தாலும் தாண்டும். வருவாய்ச் சோதனையில் உள்விற்பனை 90ஐயும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது படி. கம்பெனி முதல் படியிலேயே ஃபிலிமை மற்ற இரண்டோடு ஒன்றாக்கிவிட்டது. ஒன்றாக்கியது சரி என்றால் 10 சதவீதச் சோதனை "பேக்கேஜிங்" என்ற ஒரே பெட்டிக்குத்தான், ஃபிலிம் தனியாக வராது. ஆகவே உண்மையான கேள்வி ஒன்றே: ஒன்றாக்கலாமா?

ஐஎஃப்ஆர்எஸ் 8 கேட்பது இரண்டு விஷயம். பொருளின் தன்மை, தயாரிப்பு முறை, வாடிக்கையாளர் வகை, விநியோக முறை, பொருந்தும் இடத்தில் ஒழுங்குமுறைச் சூழல் என்ற ஐந்தும் ஒத்திருக்க வேண்டும். அதோடு நீண்டகாலப் பொருளாதாரத் தன்மையும் ஒத்திருக்க வேண்டும், உதாரணமாக நீண்டகால சராசரி மொத்த லாப விகிதம். வாசு, நிதித்துறை "ஒரே வாடிக்கையாளர்" என்று மட்டும் சொன்னால் அது ஐந்தில் ஒன்று. மொத்த லாப விகிதம் ஐந்து வருடத்துக்கு வாங்கினீர்களா?

#10 வவுச்சர்_வாசு

இன்று வாங்கினேன். கொள்கலன் 30க்கும் 32க்கும் நடுவில் ஆடுகிறது. லேபிள் 28இலிருந்து 30. ஃபிலிம் 24, 22, 19, 15, 12. தலைமை நிதி அதிகாரியிடம் கேட்டதற்கு "இது தற்காலிகம், மூலப்பொருள் விலை இறங்கினால் மீண்டும் 25க்கு வந்துவிடும், எதிர்பார்ப்பைத்தான் பார்க்க வேண்டும்" என்கிறார்.

#11 நோட்டுக்கு_அந்தப்பக்கம்

நான் கம்பெனிப் பக்கம் இருப்பவன், இன்னொரு பட்டியலிட்ட நிறுவனத்தின் நிதித்துறை. தணிக்கையாளர்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். ஃபிலிமில் இவ்வளவு நஷ்டம் என்று போட்டியாளருக்கு எழுதிக் கொடுத்தால், மறுநாளே எங்கள் வாடிக்கையாளரிடம் போய் "அவன் மூடப்போகிறான்" என்பான். பட்டியலிடாத போட்டியாளர் ஒரு எண்ணும் வெளியிட வேண்டியதில்லை, நாங்கள் மட்டும் துணி அவிழ்த்து நிற்க வேண்டுமா? ஒன்றாக்குவதில் எப்போதும் திருட்டு எண்ணம் இருப்பதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், திட்டாதீர்கள். எங்கள் கம்பெனியில் மாத அறிக்கையையே மாற்றினார்கள். எட்டு யூனிட் தனித்தனியாகப் போனது, மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள். நிர்வாக இயக்குநர் பார்ப்பதே மூன்று, ஆகவே செக்மென்ட் மூன்று. சட்டப்படி சரிதானே?

#12 பழைய_பேனா

உங்கள் ஆதங்கம் புரிகிறது, போட்டியாளர் பயமும் உண்மை. ஆனால் "வணிகத்துக்குப் பாதகம்" என்பதற்காக விலக்கு வேண்டும் என்று ஐஎஃப்ஆர்எஸ் 8 எழுதப்பட்டபோதே கேட்டார்கள், கொடுக்கவில்லை. 2009இல் அமலுக்கு வந்ததிலிருந்து அப்படித்தான். விலக்கு வேண்டும் என்று வாதாடலாம், விலக்கு இருப்பதாக நினைத்து நோட் எழுதக் கூடாது.

மாத அறிக்கையை மாற்றுவது பற்றி. முடிவெடுப்பவர் உண்மையிலேயே மூன்றாகப் பார்த்து, மூன்றாகவே பணம் ஒதுக்கினால் சரி. ஆனால் அறிக்கை மெலிந்தது என்பதற்காகத் தணிக்கை முடிந்துவிடாது. மெலிந்த அறிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு பழைய அறிக்கை மின்னஞ்சலில் தொடர்ந்து போகிறதா? இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பில் ஃபிலிம் என்று தனியாகப் பேசியிருக்கிறார்களா? பட்ஜெட் எந்த மட்டத்தில் ஒப்புதலாகிறது? ஃபிலிம் மேலாளர் யாரிடம் நேரடியாகப் பதில் சொல்கிறார், அவருடைய போனஸ் எந்த லாபத்தை வைத்து? முதலீட்டாளர் கூட்டத்தில் எந்தத் தலைப்புகளில் பேசினார்கள்? ஒரு வழக்கில் எனக்குத் துப்புக் கொடுத்தது போனஸ் கடிதம்தான். நோட்டில் ஒரே செக்மென்ட், போனஸ் கடிதத்தில் நான்கு யூனிட் லாபம் தனித்தனியாக.

வாசு விஷயத்தில் இதெல்லாம் தேவையே இல்லை, ஐந்து யூனிட் நேராக நிர்வாக இயக்குநர் மேசைக்குப் போகிறது. ஆக ஐந்தும் இயங்கு செக்மென்ட். ஒன்றாக்குவதற்கு 24, 22, 19, 15, 12 என்ற கோடு போதாது. எதிர்காலத்தில் ஒத்த செயல்பாடு வரும் என்று எதிர்பார்ப்பதே அடிப்படை என்பது சரிதான், ஆனால் அந்த எதிர்பார்ப்புக்கு ஆதாரம் வேண்டும். அதற்கு எளிய சோதனை இருக்கிறது: குட்வில் மதிப்பு இறங்கிவிட்டதா என்று சோதிக்கும் இம்பேர்மென்ட் கணக்கில் ஃபிலிமுக்கு அவர்களே போட்ட ஐந்து வருட லாப விகிதத்தை எடுங்கள். இங்கே 25க்கு வரும் என்கிறார்கள், அங்கே 15 போட்டிருந்தால்? அல்லது நேர்மாறாக?

#13 வவுச்சர்_வாசு

மேடம், குட்வில் என்றீர்களே. ஃபிலிம் யூனிட்டை ஏழு வருடம் முன்பு வாங்கியதுதான், அதில் 60 குட்வில் இன்னும் நிற்கிறது. ஆனால் இம்பேர்மென்ட் சோதனையை "பேக்கேஜிங்" மட்டத்தில் செய்திருக்கிறார்கள். அதனால் ஃபிலிமுக்குத் தனி விகிதமே இல்லை.

#14 பழைய_பேனா

இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தம்பி. இப்போது கதை முழுதாகப் புரிகிறது.

ஐஏஎஸ் 36படி, குட்வில் சோதிக்கும் மட்டம் ஒன்றாக்குவதற்கு முன்பிருந்த இயங்கு செக்மென்ட்டைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அதாவது நோட்டில் ஒன்றாக்கியது சரியென்றே வைத்துக்கொண்டாலும், குட்வில்லைப் பேக்கேஜிங் மட்டத்தில் சோதிக்க முடியாது. ஃபிலிம் மட்டத்தில்தான். 30 நஷ்டம் காட்டும் யூனிட்டில் 60 குட்வில் என்றால் கொள்கலனின் 74 லாபம் வந்து அதைக் காப்பாற்றக் கூடாது. செக்மென்ட் நோட்டை வெறும் வெளிப்படுத்தல் என்று பார்ட்னர்கள் கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள், ஆனால் அதில் முடிவெடுக்கும் ஒரு விஷயம் நேராக லாப நஷ்டக் கணக்குக்குள் போகிறது. இம்பேர்மென்ட் வந்தால் தொடரும் தொழிலின் லாபம் 36 இருக்காது.

அப்போது இபிஎஸ்ஸும் தலைகீழாகும், யோசித்துப் பாருங்கள். 60 குட்வில்லில் 40 எழுதித் தள்ள வேண்டி வந்து, வரிச் சலுகை எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், தொடரும் தொழில் மைனஸ் 4. கட்டுப்பாட்டு எண் மைனஸ். அப்போது கடன்பத்திரம் ஆன்டி டைல்யூட்டிவ் ஆகிவிடும், செல்வி சொன்ன விடை வந்துவிடும். ஆகவே இரண்டு நோட்டையும் தனித்தனி ஃபைலில் இரண்டு ஆட்கள் முடிக்கக் கூடாது. இபிஎஸ்ஸைக் கடைசியாக முடியுங்கள்.

#15 செக்லிஸ்ட்_செல்வி

அப்பாடா, நானும் சரி என்று ஒரு வழி இருக்கிறது!

#16 கால்குலேட்டர்_கருப்பு

நடுவில் வந்து என் கதையைச் சொல்கிறேன், மன்னிக்கவும். எங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தில் "10 சதவீதத்துக்கு மேல் வருவாய் தரும் தனி வாடிக்கையாளர் யாருமில்லை" என்று நோட். விற்பனைப் பதிவேட்டில் வாடிக்கையாளர் வாரியாக அடுக்கினால் முதலிடம் 6 சதவீதம், இரண்டாமிடம் 6 சதவீதம். சரி என்று விட்டேன். என் சீனியர் இரண்டு பெயர்களையும் பார்த்துச் சிரித்தார், இரண்டும் ஒரே தாய் நிறுவனத்தின் துணை நிறுவனங்கள். ஒரே கட்டுப்பாட்டில் இருந்தால் ஒரே வாடிக்கையாளர். 12 சதவீதம். பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தொகையையும் எந்த செக்மென்ட் என்பதையும் சொல்ல வேண்டும். கணினி வாடிக்கையாளர் குறியீட்டை வைத்துத்தான் அடுக்கும், உறவை அறியாது.

வாசு, உங்கள் கம்பெனியிலும் இதைப் பாருங்கள். அதோடு 90 செக்மென்ட் லாபத்திலிருந்து கணக்கின் லாபத்துக்கு எப்படி வந்தார்கள்?

#17 வவுச்சர்_வாசு

அந்தச் சமரசப் பட்டியல் இதோ: 90, கழிக்க வட்டி 18, கழிக்க உள்விற்பனைச் சரிக்கட்டு 2, கழிக்க "பகிரப்படாத செலவு மற்றும் இதர" 22. வரிக்கு முன் 48. வரி 12, ஆக 36. கூட்டல் சரி.

22ஐப் பிரித்துக் கேட்டேன். தலைமையகச் செலவு 15. மீதி 7 ஃபிலிம் யூனிட்டின் சரக்கு மதிப்புக் குறைப்பு! ஃபிலிமின் நஷ்டம் 37 ஆகியிருக்க வேண்டும்தானே, தூக்கித் தலைமையகத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். இதைத் தவறு என்று நேரடியாக எழுதலாமா?

#18 பழைய_பேனா

அவசரப்படாதீர்கள். இந்த நோட்டில் செக்மென்ட் லாபம் என்பது முடிவெடுப்பவருக்குக் காட்டப்படும் அளவீடு. மாத அறிக்கையில் சரக்குக் குறைப்புக்கு முன்புள்ள லாபத்தைத்தான் நிர்வாக இயக்குநர் பார்க்கிறார் என்றால், 30 என்பதுதான் சரியான செக்மென்ட் எண், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். ஆக முதலில் மாத அறிக்கையைப் பாருங்கள். வருடம் முழுதும் குறைப்பு ஃபிலிமுக்குள்ளேயே இருந்து, பன்னிரண்டாவது மாதம் மட்டும் தலைமையகத்துக்குத் தாவியிருந்தால் அது வேறு கதை.

ஆனால் அளவீடு 30தான் என்றாலும், முக்கியமான சமரச வரிகளைத் தனியாகப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். "இதர" என்ற போர்வைக்குள் 7ஐப் போட முடியாது. வரிக்கு முன் லாபம் 48, அதில் 7 சின்ன எண் இல்லை. "ஃபிலிம் சரக்கு மதிப்புக் குறைப்பு, செக்மென்ட் அளவீட்டில் சேராதது" என்று ஒரு வரி. எழுதச் சொல்லுங்கள், முகம் சுளிப்பார்கள், எழுதுவார்கள்.

ஐஎஸ்ஏ 501 நம்மிடம் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்: நிர்வாகம் எந்த முறையில் இந்த எண்ணைக் கட்டியது என்று புரிந்துகொள், அந்த முறை தரத்தோடு பொருந்துகிறதா பார், முறை ஒழுங்காகப் பின்பற்றப்பட்டதா சோதி. கூட்டல் சரிபார்ப்பு அதில் கடைசி.

#19 நோட்டுக்கு_அந்தப்பக்கம்

எனக்கு ஒரே சந்தேகம். கொள்கலனும் லேபிளும்? விகிதம் 31ம் 29ம், ஒத்துப்போகிறது. ஆனால் லேபிள் அச்சுத் தொழில், கொள்கலன் மோல்டிங். தயாரிப்பு முறை ஒன்றல்லவே.

#20 பழைய_பேனா

நியாயமான கேள்வி, நானே இரு மனதாக இருக்கிறேன். ஐந்திலும் ஒத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, நான்கில் ஒத்தால் போதும் என்று எழுதவில்லை. இயந்திரமும் ஆட்களின் திறனும் மூலப்பொருளும் வேறு என்றால் தயாரிப்பு வேறுதான். இரண்டையும் கழற்றிவைக்கச் சொல்வேன். ஆனால் என்னுடன் வேலைசெய்த ஒருவர் "இரண்டும் பாலிமர், இரண்டும் ஒரே ஆலை, ஒரே ஷிஃப்ட்" என்று நேர்மையாகவே எதிர்வாதம் வைப்பார். ஒன்றாக்கினால் எந்த அளவுகோல்களை வைத்து ஒன்றாக்கினோம் என்று நோட்டில் சொல்ல வேண்டும், 2014 ஜூலை முதல் அது கட்டாயம். அந்த வாக்கியத்தை எழுதச் சொல்லிப் பாருங்கள். எழுத முடியாமல் திணறினால் விடை கிடைத்துவிடும்.

#21 வவுச்சர்_வாசு

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நிலவரம்:

ரைட்ஸ் கணக்கை உடனே ஒத்துக்கொண்டார்கள், 3.85, போன வருடம் 4.60. கட்டுப்பாட்டு எண் விஷயத்தில் ஒரு நாள் சண்டை, அப்புறம் அவர்களுடைய ஆலோசகரே விதியைக் காட்டிவிட்டார். 7 தனி வரியாகிவிட்டது. மாத அறிக்கையில் வருடம் முழுதும் குறைப்புக்கு முன்புள்ள எண்தான் போயிருக்கிறது, ஆக 30 அப்படியே நிற்கிறது. கருப்பு அண்ணா சொன்ன வாடிக்கையாளர் சோதனையில் ஒன்றும் சிக்கவில்லை.

ஃபிலிமைத் தனியாகக் காட்டச் சம்மதித்துவிட்டார்கள், கொள்கலனும் லேபிளும் மட்டும் இன்னும் ஒன்றாகவே இருக்கின்றன, அதற்கான வாக்கியம் மூன்றாவது வரைவில் இருக்கிறது. குட்வில்லை ஃபிலிம் மட்டத்தில் மறுபடி கணக்கிடுகிறார்கள். முதல் வரைவில் 25 சதவீத விகிதம் போட்டு இம்பேர்மென்ட் இல்லை என்று வந்தது. எங்கள் மதிப்பீட்டுக் குழு அதை ஏற்கவில்லை. தணிக்கைக் குழுக் கூட்டம் அடுத்த வியாழன்.

ஒரு புதுச் சிக்கல். கடன்பத்திர ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தேன், 41ஆம் பக்கத்தில் "சந்தை விலைக்குக் கீழே பங்கு வெளியிட்டால் மாற்று விகிதம் சரிக்கட்டப்படும்" என்று இருக்கிறது. அப்படியானால் 2 கோடி அல்ல, 2.17 கோடி பங்கு. தொடரும் தொழில் டைல்யூட்டட் 3.70 அல்ல, 3.65. ஆனால் சரிக்கட்டு தானாக நடக்குமா, அறங்காவலர் அறிவிப்புக் கொடுத்த பிறகுதானா என்பது வாசகத்தில் தெளிவில்லை. கம்பெனி அறிவிப்பு வரவில்லை என்கிறது.

#22 பழைய_பேனா

அறிவிப்பு வராதது யாருடைய கடமைத் தவறு என்று பார்க்க வேண்டும், அறங்காவலருடையதா கம்பெனியுடையதா? கம்பெனிதான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்றால், தான் சொல்லாததையே காரணம் காட்ட முடியாது. வழக்கறிஞரின் எழுத்துப்பூர்வக் கருத்து வாங்காமல் நான் இதில் கையெழுத்து வைக்க மாட்டேன். 41ஆம் பக்கம் வரை படித்ததற்கு ஒரு சபாஷ்.

#23 பங்குப்பிரியன்

எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது. அப்போது 4.00 இல்லையா, 3.65ஆ?

#24 வவுச்சர்_வாசு

அண்ணா, வியாழக்கிழமைக்குப் பிறகு அதுவும் இருக்குமா தெரியாது. அறிக்கை வெளியானதும் எல்லோரும் படிக்கும் நேரத்தில் நீங்களும் படித்துக்கொள்ளுங்கள்.